தெருக் கோலப் போட்டி: விதி, மதிப்பெண் தாள், பரிசு அறிவிப்பு

கேள்வி: எங்கள் குடியிருப்புச் சங்கம் பொங்கலுக்குக் கோலப் போட்டி நடத்துகிறது. ஒவ்வொரு தடவையும் பரிசு அறிவித்ததும் பாரபட்சம் என்று மனவருத்தம் வந்துவிடுகிறது. விதிமுறை, மதிப்பெண் தாள், பரிசு அறிவிப்பு இந்த மூன்றையும் எப்படி எழுதினால் நியாயமாக இருக்கும்?

பதில்:

கோலப் போட்டியில் வருகிற சண்டைகளில் பெரும்பாலானவை நடுவரின் மனசாட்சியால் வருபவை அல்ல. சிக்குக் கோலத்தையும் ரங்கோலியையும் ஒரே பிரிவில் வைத்துவிட்டு, 'அழகு: 10, கற்பனை: 10, ஒட்டுமொத்தத் தோற்றம்: 20' என்று ஒரு தாளை நீட்டினால், எவ்வளவு நேர்மையான நடுவரும் அவரவர் ரசனைப்படிதான் போடுவார். மயில் வரைந்து பத்து வண்ணம் தூவிய ரங்கோலி தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கும். வெள்ளை மாவில் நெளிந்து நெளிந்து போகிற சிக்குக் கோலத்தின் உழைப்பு குனிந்து பார்த்தால்தான் தெரியும். இரண்டையும் ஒரே அளவுகோலில் நிறுத்தினால் தோற்றவர் கேட்கிற கேள்விக்குப் பதில் இருக்காது.

அதனால் முதல் விதியே பிரிவு பற்றியதாக இருக்கட்டும். புள்ளிக் கோலம் ஒரு போட்டி, ரங்கோலி இன்னொரு போட்டி. பரிசுப் பணம் போதாது என்றால் ஏதாவது ஒன்றை மட்டும் நடத்துங்கள். மயிலாப்பூர் திருவிழாவில் வடக்கு மாட வீதியில் நடக்கிற கோலப் போட்டி மரபுக் கோலத்துக்கென்றே நடப்பது. அப்படி ஒரே வகை என்று வைத்துக்கொண்டால் தீர்ப்பு பாதி சுலபமாகிவிடும். கீழே சொல்வதெல்லாம் சிக்குக் கோலப் போட்டியை மனதில் வைத்துத்தான். ரங்கோலிக்கும் முறை இதேதான், தாளில் உள்ள அம்சங்கள் மட்டும் மாறும்.

விதிகள்

புள்ளியை நீங்களே நிர்ணயித்துவிடுங்கள். 'விருப்பமான கோலம்' என்று விட்டால் ஒருவர் 9 புள்ளியில் அப்பழுக்கில்லாமல் போடுவார், இன்னொருவர் 21 புள்ளியில் பெரிதாக இழுத்து நடுவில் தடுமாறுவார். எது சிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. '15 முதல் 1 வரை, நேர்ப்புள்ளி' என்று அறிவித்தால் எல்லோருக்கும் 113 புள்ளி. நடு வரிசையில் 15, அதற்கு மேலும் கீழும் 13, 11 என்று குறைந்துகொண்டே போய் 1-ல் முடியும். புள்ளிக்குப் புள்ளி 3 அங்குலம் விட்டால் குறுக்கே 42 அங்குலம் வரும். ஆகவே 4 அடிக்கு 4 அடி கட்டம் போதும், சுற்றிலும் 3 அங்குலம் மிச்சம் இருக்கும். இழை வெளிப்பக்கம் வளைவதற்கு அந்த இடம் வேண்டும். கட்டங்களுக்கு நடுவில் 2 அடி நடைபாதை விடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் கோலத்தில் புடவைத் தலைப்பு பட்டு அதுவே ஒரு வழக்காகும்.

கட்டத்தைக் குலுக்கலில் கொடுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் தெருவின் ஒரு பக்கம் சிமெண்ட் வழவழப்பாக இருக்கும், மறுபக்கம் தார் ஜல்லி துருத்திக்கொண்டிருக்கும். ஜல்லித் தரையில் இழை சீராக விழாது. முடிந்தால் கட்டம் எல்லாவற்றையும் ஒரே மாதிரித் தரையில் போடுங்கள். முடியாதபோது, யாருக்கு எது என்பதைச் சீட்டு தீர்மானிக்கட்டும். முதலில் வந்தவர் நல்ல இடம் பிடித்தார் என்ற பேச்சு அதோடு நின்றுவிடும்.

அப்புறம் கருவி. கோல அச்சு, சல்லடைக் குழாய், உருட்டுக் கட்டை எதுவும் கூடாது, விரலால் மட்டுமே இட வேண்டும் என்று பெயர் சொல்லித் தடுக்க வேண்டும். 'செயற்கைக் கருவிகள் அனுமதி இல்லை' என்று பொதுவாக எழுதினால் அளவுகோலும் நூலும் செயற்கைக் கருவியா என்று அன்றைக்கு விவாதம் நடக்கும். புள்ளி வைக்க நூல் பிடிக்கலாமா கூடாதா என்பதையும் எழுதிவிடுங்கள். நான் கூடாது என்றுதான் சொல்வேன், புள்ளியைக் கண்ணளவில் நேராக வைப்பதே பாதி வித்தை. மாவை நீங்களே கொடுங்கள், எல்லோருக்கும் ஒரே கோலமாவு, அரைக் கிலோ பொட்டலம். ஆளுக்கொரு மாவு என்றால், பொடி மொத்தையாக இருப்பவருக்கும் நைசாக இருப்பவருக்கும் இழையின் கனம் வேறுபடும், அது கையின் குறையாகக் கணக்கில் ஏறிவிடும்.

நகல் பார்த்துப் போடலாமா என்ற கேள்வி வரும். ஒரு தாளில் வரைந்து எடுத்து வரலாம், செல்போன் கூடாது என்று வைப்பது நல்லது. போனில் பார்க்கிறேன் என்று வீட்டிலிருந்து ஒருவர் வழி சொல்லிக்கொண்டிருப்பதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உதவியாளர் விஷயமும் அப்படித்தான். 'ஒருவர் உடனிருந்து மாவு எடுத்துக் கொடுக்கலாம், கட்டத்துக்குள் கை வைக்கக் கூடாது' என்பது போல எல்லை எங்கே என்று காட்டுகிற வாக்கியம் வேண்டும். நேரம் 75 நிமிடம். கடைசி 10 நிமிடம் இருக்கும்போது ஒரு மணி, முடிந்ததும் ஒரு மணி.

மாடு மிதித்தால் என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டும். தெருவில் நடக்கிற போட்டியில் மாடு வரும், இரண்டு சக்கர வண்டி வரும், திடீரென்று காற்றும் வரும். இப்படி ஒரு வரி போதும்: 'போட்டி நேரத்துக்குள் பிறரால் கோலம் கலைந்தால், பொறுப்பாளர் பார்த்து உறுதி செய்த நிமிடங்கள் கூடுதலாகத் தரப்படும். நேரம் முடிந்தபின் கலைந்தால், மணி அடித்ததும் எடுத்த புகைப்படத்தை வைத்துத் தீர்ப்பு நடக்கும்.' இந்த விதி செல்ல வேண்டுமானால், மணி அடித்த உடனே ஒருவர் எல்லாக் கட்டத்தையும் ஒரே உயரத்திலிருந்து வரிசையாகப் படம் எடுத்திருக்க வேண்டும்.

நடுவர்கள்

மூன்று பேர், ஒற்றைப்படையாக. உங்கள் தெருவைச் சேர்ந்தவர் வேண்டாம். பக்கத்துப் பகுதிச் சங்கத்தோடு நடுவர்களை மாற்றிக்கொள்வது செலவில்லாத வழி. 'நடுவரின் குடும்பத்தார், உறவினர், அவரிடம் கோலம் கற்றவர் யாரேனும் பங்கேற்றால் அந்தப் பிரிவுக்கு வேறு நடுவர் அமர்த்தப்படுவார்' என்று விதியிலேயே எழுதுங்கள். 'அந்த ஒரு கோலத்துக்கு மட்டும் அவர் மதிப்பெண் போடமாட்டார்' என்று எழுதாதீர்கள். ஒரு கோலத்துக்கு மட்டும் இரண்டு நடுவர் என்றால் பின்னால் சொல்லப்போகிற கணக்கே உடைந்துவிடும். இதற்காக மாற்று நடுவர் ஒருவர் தயாராக இருக்க வேண்டும்.

கோலப் போட்டிக்கு ஒரு நல்ல வசதி உண்டு. பாட்டிலும் பேச்சிலும் ஆள் எதிரில் நிற்பார், கோலத்தில் அப்படியில்லை. போட்டவர்கள் எல்லோரும் எழுந்து போனபிறகு நடுவர்களைத் தெருவுக்குள் அழைத்து வரலாம். கட்டத்தில் எண் மட்டும் இருக்கட்டும், பெயர்ப் பட்டியல் மூடிய உறையில் இருக்கட்டும். முடிவு வரும்வரை யாரும் தம் கோலத்தின் படத்தை வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போடக்கூடாது என்பதையும் விதியில் சேருங்கள்.

மதிப்பெண் தாள்

தாளில் எழுதுகிற ஒவ்வொரு அம்சமும், நடுவர் குனிந்து பார்த்துச் சுட்டிக்காட்டக் கூடியதாக இருக்க வேண்டும். 'அழகு', 'பண்பாட்டு உணர்வு', 'ஒட்டுமொத்தத் தோற்றம்' மூன்றையும் எடுத்துவிடுங்கள். சிக்குக் கோலத்துக்கு நான்கு அம்சம் போதும். தாளில் இப்படி அச்சிடலாம்:

> கட்டம் எண்: \_\_\_
>
> புள்ளி (10): வரிசைகள் நேராகவும் இடைவெளி ஒரே அளவாகவும் உள்ளனவா? புள்ளி எண்ணிக்கை சரியா?
>
> இழை (15): எல்லாப் புள்ளியும் இழைக்குள் அடங்கியதா? இழை எங்கும் அறுபடாமல் தொடங்கிய இடத்தில் வந்து சேர்கிறதா? புள்ளியின் மேல் ஏறாமல் சுற்றிச் செல்கிறதா?
>
> சமச்சீர் (10): நான்கு பக்கமும் ஒத்திருக்கிறதா?
>
> கை நேர்த்தி (15): இழையின் கனம் சீராக உள்ளதா? வளைவுகள் கோணலின்றி வந்துள்ளனவா? அழித்த தடம், சிந்திய மாவு உண்டா?

இத்துடன் எண்களுக்கும் பொருள் சொல்ல வேண்டும். இல்லையென்றால் ஒரு நடுவருக்கு 15-க்கு 9 என்பது சுமார், இன்னொருவருக்கு அதுவே நல்ல மதிப்பெண். இழைக்கு மட்டும் எழுதிக் காட்டுகிறேன்: '13 முதல் 15: பிழை எதுவும் இல்லை. 9 முதல் 12: ஒன்றிரண்டு இடத்தில் இழை அறுந்தோ புள்ளி விடுபட்டோ உள்ளது. 5 முதல் 8: பல இடங்களில் பிழை, ஆனாலும் கோலத்தின் ஓட்டம் தெரிகிறது. 4-ம் அதற்குக் கீழும்: கோலம் முடியவில்லை, அல்லது இழை வழி தவறிவிட்டது.' மற்ற மூன்றுக்கும் இதே மாதிரி நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

கவனியுங்கள், 'ஒரே இழையால் ஆனது' என்று நான் கேட்கவில்லை. பலர் சிக்குக் கோலம் என்றாலே ஒரே இழைதான் என்று நினைக்கிறார்கள். ஆனால் மரபாகப் போடுகிற பல கோலங்களில் மூடிய இழைகள் இரண்டு மூன்று ஒன்றோடொன்று பின்னியிருக்கும். ஒரே இழை வேண்டுமென்றால் அதை அழைப்பிதழிலேயே போட வேண்டும். அழைப்பிதழில் இல்லாததற்குத் தெருவில் வைத்து மதிப்பெண் குறைப்பதுதான் மிகப் பெரிய அநியாயம்.

பிழையை எங்கே தேடுவது என்பதையும் நடுவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். நடுப்பகுதி பெரும்பாலும் சரியாக இருக்கும், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் கவனமாகத் தொடங்குகிறார்கள். வெளி விளிம்பிலும் நான்கு முனைகளிலும்தான் இழை அவசரத்தில் தடம் மாறும். ஒரு முனையில் தொடங்கி இழையைக் கண்ணால் தொடர்ந்து போய் அதே முனைக்குத் திரும்பினால் ஒரு கோலத்துக்கு இரண்டு நிமிடம் ஆகும். தொடங்கிய இடத்துக்கு வந்தபிறகும் சுற்றப்படாத புள்ளிகள் இருந்தால், அங்கே இன்னொரு இழை ஓடுகிறதா அல்லது புள்ளி விடுபட்டதா என்று பார்க்க வேண்டும். கோல இழைகளின் இந்த ஒழுங்கைச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் உடன் ஆய்ந்தவர்களும் 1970-களிலேயே கணித இலக்கணமாக எழுதியிருக்கிறார்கள். ஆகவே இழை சரியா தவறா என்பது கருத்து வேறுபாட்டுக்கு உரிய விஷயமே இல்லை. தாளில் அதற்கு அதிக இடம் கொடுத்தது அதனால்தான்.

நடுவர்கள் பேனா எடுக்காமல் முதலில் ஒரு சுற்று நடந்து எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். முதலில் பார்த்த கோலத்துக்கு ஒப்பிட எதுவும் இருக்காது என்பதால் அதற்கு மதிப்பெண் ஒன்று தூக்கலாக வரும் அல்லது கஞ்சத்தனமாக வரும். மூவரும் வெவ்வேறு முனையிலிருந்து தொடங்கட்டும், தாளைக் கொடுக்கும்வரை ஒருவரோடொருவர் பேச வேண்டாம். திருத்தினால் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.

கூட்டும் கணக்கு

பாரபட்சம் என்ற பேச்சு உண்மையில் முளைக்கிற இடம் இதுதான், ஆனால் இதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. மூன்று நடுவர்களின் மதிப்பெண்ணையும் அப்படியே கூட்டினால், தாராளமாக ஏற்றி இறக்கிப் போடுகிற ஒருவரே முடிவைத் தீர்மானித்துவிடுவார். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. இறுதியில் நான்கு கோலங்கள், 50-க்கு மதிப்பெண்:

| கட்டம் | நடுவர் 1 | நடுவர் 2 | நடுவர் 3 | கூடுதல் |
|---|---|---|---|---|
| 4 | 41 | 40 | 45 | 126 |
| 7 | 42 | 42 | 33 | 117 |
| 11 | 40 | 41 | 28 | 109 |
| 15 | 39 | 38 | 47 | 124 |

கூட்டினால் 4-க்கு முதல் பரிசு, 15-க்கு இரண்டாவது, 7-க்கு மூன்றாவது. ஆனால் தாளைப் பாருங்கள். மூன்றில் இரண்டு நடுவர்கள் 7-ஐத்தான் முதலிடத்தில் வைத்திருக்கிறார்கள். அதே இருவரும் கடைசியில் வைத்த 15, இரண்டாம் பரிசு வாங்குகிறது. முதல் இருவர் எல்லாக் கோலத்தையும் 38-க்கும் 42-க்கும் நடுவே அடக்கிவிட்டார்கள். மூன்றாமவர் 28-லிருந்து 47 வரை போனார். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை, அவர் மதிப்பெண் போடுகிற விதம் அப்படி. கணக்குதான் அவருக்கு மூன்று பேரின் பலத்தைக் கொடுத்தது.

அதனால் ஒவ்வொரு நடுவரின் தாளிலும் மதிப்பெண்ணை இடமாக மாற்றிக்கொள்ளுங்கள், பிறகு இடங்களைக் கூட்டுங்கள். 7-க்கு 1, 1, 3, ஆக 5. 4-க்கு 2, 3, 2, ஆக 7. 11-க்கு 3, 2, 4, ஆக 9. 15-க்கு 4, 4, 1, ஆக 9. குறைந்த எண் வாங்கியவரே முதல். இப்போது 7 முதல், 4 இரண்டாவது. மூன்றாம் இடத்துக்கு 11-ம் 15-ம் சமமாக நிற்கின்றன. இந்த இரண்டில் எதை அதிக நடுவர்கள் மேலே வைத்தார்கள் என்று பார்த்தால், இருவர் 11 என்கிறார்கள், ஒருவர் 15. ஆகவே 11-க்கு மூன்றாம் பரிசு. நடுவர் ஒற்றைப்படை என்பதால் இரு கோலங்களுக்கு நடுவிலான சமநிலை இப்படித் தீர்ந்துவிடும், ஒரே ஒரு நிபந்தனையோடு: எந்த நடுவரும் தம் தாளில் இரண்டு கோலத்தைச் சமமாக விடக்கூடாது. சமமாக வந்தால் இழையில் அதிகம் வாங்கியதை மேலே வைக்க வேண்டும், அதுவும் சமமானால் எது மேல் என்று அவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். மூன்று கோலங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சமமாக நிற்பது அபூர்வம். அப்படி நின்றால் பரிசைப் பங்கிடுவதே சரி.

இந்த முறைக்கும் ஓர் எல்லை உண்டு. 40 கோலத்தை வரிசைப்படுத்தச் சொன்னால் யாராலும் ஒழுங்காகச் செய்ய முடியாது. தவிர, வேண்டுமென்றே ஒருவர் ஒரு கோலத்தை 40-ம் இடத்தில் தள்ளினால் அதன் வாய்ப்பே போய்விடும். ஆகவே முதல் சுற்றில் மதிப்பெண் வேண்டாம், ஒவ்வொரு நடுவரும் எட்டு எண்களை மட்டும் எழுதிக் கொடுக்கட்டும். இரண்டு பேராவது எழுதிய எண்கள் இறுதிக்குப் போகும். தாள் அந்த இறுதிக்குத்தான். நாலைந்து எண்களுக்குக் கீழே வந்துவிட்டால், ஒருவர் மட்டும் எழுதியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் அதுவும் முன்பே எழுதிய விதியாக இருக்க வேண்டும்.

பரிசு அறிவிப்பு

போட்டிக்கு முந்தைய அறிவிப்பில் தொகையோடு பங்கீடும் இருக்க வேண்டும். 'முதல் பரிசு 3,000 ரூபாய், இரண்டாம் பரிசு 2,000, மூன்றாம் பரிசு 1,000. ஓர் இடத்தைப் பலர் பகிர்ந்தால், அவர்கள் பெறக்கூடிய பரிசுகளின் தொகை சேர்க்கப்பட்டுச் சமமாகப் பிரிக்கப்படும்.' அதாவது இரண்டாம் இடத்தில் இருவர் என்றால் 2,000-ம் 1,000-ம் சேர்ந்து ஆளுக்கு 1,500, மூன்றாம் பரிசு தனியாக இல்லை. பரிசை அன்பளிப்பாகத் தருகிறவரின் வீட்டார் அந்தப் பிரிவில் போட்டியிட வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். முன்கூட்டிச் சொன்னால் அவர்களே மனமொப்பி ஒதுங்கிக்கொள்வார்கள். கடைசி நேரத்தில் சொன்னால் அவமானமாகிவிடும்.

'நடுவர்களின் தீர்ப்பே இறுதியானது' என்ற வரியை அப்படியே போடாதீர்கள். அது நியாயமான கேள்வியையும் சேர்த்து அடைக்கிறது. இரண்டாகப் பிரியுங்கள்: 'நடுவர் இட்ட மதிப்பெண் இறுதியானது. கூட்டலிலோ எண் மாறியதிலோ பிழை இருந்தால், முடிவு ஒட்டப்பட்ட 30 நிமிடத்துக்குள் பொறுப்பாளரிடம் சொல்லலாம்.' இதற்காக முடிவை முதலில் பலகையில் ஒட்டிவிட்டு, நடுவே குழந்தைகளின் பாட்டோ கும்மியோ நடத்தி, அதன்பின் பரிசைக் கையில் கொடுங்கள். ஒட்டுகிற தாளில் கட்டம் எண்ணும், நடுவர் 1, 2, 3 கொடுத்த இடங்களும், கூட்டலும் இருந்தால் போதும். நடுவர் பெயரை எதிரே எழுத வேண்டாம்.

மைக்கில் சொல்லும்போது மூன்றாம் பரிசிலிருந்து தொடங்கி, முதலில் எண்ணைச் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள், அதற்குப் பிறகு எல்லோர் முன்னாலும் உறையைத் திறந்து பெயரைப் படியுங்கள்:

> 'முதல் பரிசு, கட்டம் எண் 7. மூன்று நடுவர்களில் இருவர் இதற்கு முதலிடம் தந்திருக்கிறார்கள். 113 புள்ளியில் ஒன்றுகூட விடுபடாமல், வெளி விளிம்பிலும் இழை ஒரே கனமாக வந்ததைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். இந்தக் கோலத்தை இட்டவர்…'

காரணம் தாளில் உள்ள அம்சமாக இருக்கட்டும். 'மனதைக் கொள்ளை கொண்டது' என்று சொன்னால், மற்றவர்களின் கோலம் யார் மனதையும் தொடவில்லை என்றே கேட்பவர் காதில் விழும். வாங்குகிறவரை 'எங்கள் செயலாளரின் மருமகள்' என்றெல்லாம் அறிமுகப்படுத்த வேண்டாம், பெயரும் வீட்டு வரிசையும் போதும். ஆறுதல் பரிசு என்ற சொல்லுக்குப் பதிலாக 'இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள்' என்று அழைத்து, அவர்களை மூன்றாம் பரிசுக்கு முன்னதாகவே மேடையேற்றிவிடுங்கள்.

பரிசு கொடுத்தபிறகு ஒரு கூட்டல் பிழை தெரிய வந்தால்? கொடுத்ததைத் திரும்ப வாங்காதீர்கள். 'பிழை பின்னர் தெரிந்தால், உரியவருக்கு அதே பரிசு தனியாக வழங்கப்படும், முன்பு பெற்றவரிடமிருந்து எதுவும் திரும்பப் பெறப்படாது' என்பதை விதியின் கடைசி வரியாகப் போட்டு, அதற்கென்று 3,000 ரூபாயைச் செலவுத் திட்டத்திலேயே ஒதுக்கிவையுங்கள். திருத்தத்தையும் முடிவு சொன்ன அதே இடத்தில், அதே மைக்கில் சொல்லிவிட்டு, பலகையில் பழைய தாளுக்குப் பக்கத்திலேயே புதிய தாளையும் ஒட்டிவிடுங்கள்.